"செம போர்" என்றவருக்கு எழுதிய பதில்



"செம போர். பாதியிலேயே மூடிட்டேன்." என் லாத்தாவின் முதல் காணொளிக்குக் கீழே, முகம் தெரியாத ஒருவர் எழுதிய கருத்து இவ்வளவுதான். அதற்கு மேலே இருபத்தெட்டுக் கருத்துகள் இருந்தன. அவை அனைத்தும் "மாஷா அல்லாஹ்", "பாரகல்லாஹ்", "கைமணம் தெரிகிறது" என்னும் வகையின. எழுதியவர்கள் யாவரும் எங்கள் குடும்பத்தார், அல்லது குடும்பத்தாருக்குத் தெரிந்தவர்கள். அவர்களுடைய துஆவையும் அன்பையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும், அடுத்த காணொளியை எப்படி எடுப்பது என்பதற்கு அந்த இருபத்தெட்டிலிருந்து ஒரு குறிப்பும் கிடைக்கவில்லை. இருபத்தொன்பதாவதிலிருந்து கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்பதை எழுதவே இந்தக் கட்டுரை.

லாத்தாவுக்கு வயது ஐம்பத்து மூன்று. அவர் எடுத்தது நோன்புக் கஞ்சி. மலேசியாவில் வாழும் மகள் ஒவ்வொரு ரமலானிலும் அழைத்து, "உம்மா, தண்ணி எவ்வளவு?" என்று கேட்பது வழக்கம். எங்கள் உம்மா கற்றுக்கொடுத்த அந்தக் கைப்பக்குவத்தை ஒருமுறை படமாக்கி வைத்தால், பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பயன்படும் என்று எண்ணினார். கைப்பேசியை அலமாரிமேல் சாய்த்து வைத்து, தாமே பேசி, தாமே சமைத்து, 11 நிமிடம் 40 வினாடி நீளத்தில் யூடியூபில் ஏற்றினார். நான் திருமணக் காணொளிகளைத் தொகுப்பதைத் தொழிலாகக் கொண்டவன். ஆகவே, அந்த இரண்டு வரிகளைக் கண்ட அன்றிரவு அவர் என்னைத்தான் அழைத்தார். "தம்பி, இதை எடுத்துடவா? ஊர் சிரிக்கிறதுக்கா நான் போட்டேன்?" என்றார்.

அழிக்க வேண்டாம் என்று முதலில் சொன்னேன். யூடியூபில் ஒரு காணொளியை அழித்துவிட்டால் அது திரும்பி வராது. அதன் முகவரியும் கருத்துகளும் சேர்ந்தே போய்விடும். மனம் பொறுக்கவில்லையென்றால் அதை Private என்று மாற்றி வைக்கலாம். பிறர் கண்ணில் படாது, வேண்டும்போது திறந்துகொள்ளலாம். லாத்தா அதையும் செய்யவில்லை. இரவு முழுவதும் யோசித்துவிட்டு, காலையில், "சரி, அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் எழுதறது?" என்று கேட்டார். எழுதியவர் பிள்ளையா பெரியவரா என்பது எங்களுக்குத் தெரியாது. லாத்தாவுக்கு எல்லாரும் பிள்ளைகள்தாம்.

அதற்குள் லாத்தாவின் மகன் அங்கே ஒரு பதில் எழுதியிருந்தான்: "பிடிக்கலைன்னா பாக்காதீங்க, யாரும் கூப்பிடலை." தாய்க்காகப் பேசும் மகனைக் குறை கூற முடியாது. ஆனால் அந்தப் பதிலுக்குக் கீழே இன்னும் இரண்டு உறவினர்கள் வந்து சேர்ந்துகொண்டால், "போர்" என்று சொன்னவர் மீண்டும் எட்டிப்பார்க்க மாட்டார். அவரிடம்தான் எங்களுக்கு ஒரு கேள்வி இருந்தது. ஆகவே மகனின் வரியை மகனே நீக்கும்படி லாத்தா சொன்னார்.

"போர்" என்பது ஒரு முடிவு. அந்த முடிவுக்கு அவர் எந்த வினாடியில் வந்தார் என்பது அதில் இல்லை. முகவரி இல்லாத கடிதம் போன்றது அது. செய்தி இருக்கிறது, எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது தெரியவில்லை. பதில் எழுதுவதன் வேலை அந்த முகவரியைக் கேட்டு வாங்குவதுதான். தொடக்கத்திலேயே சலித்தாரா, நடுவில் சலித்தாரா, தேடி வந்த செய்தி கிடைக்காமல் சலித்தாரா என்று தெரிந்தால், கத்தரிக்கோலை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரிந்துவிடும். லாத்தா முதலில் எழுதி அனுப்பிய வரைவு இப்படி இருந்தது: "இது என் முதல் வீடியோ, பழக்கம் இல்லை, மன்னிச்சிடுங்க." பணிவான வரிதான். ஆனால் அதைப் படிப்பவர், "பரவாயில்லை அம்மா" என்று சொல்வதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

"ஏன் போர் அடித்தது?" என்று கேட்பதும் பயன் தராது. அந்தக் கேள்விக்கு விடை எழுத, முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். பார்த்துவிட்டுப் போகும் வழியில் இரண்டு வரி எறிந்தவர் அவ்வளவு உழைக்க மாட்டார். மேலும் "ஏன்" என்னும் சொல்லில், எழுதுபவர் நினைக்காவிட்டாலும், ஒரு சண்டைக்கான தொனி ஏறிவிடுகிறது. "எங்கே" என்று கேட்டால் அது வராது. நினைவிலிருந்து தேர்ந்தெடுக்க மூன்று இடங்களையும் நாமே வைத்துவிட்டால், ஒரே சொல்லில்கூட அவர் விடை சொல்லிவிடலாம். லாத்தாவும் நானும் சேர்ந்து எழுதியது இது:

"பார்த்ததற்கும் மறைக்காமல் சொன்னதற்கும் நன்றி. எந்த இடத்தில் மூடினீர்கள் என்று நினைவிருந்தால் சொல்லுங்கள்: நான் பேசும் தொடக்கத்திலா, பொருள்களைச் சொல்லும் இடத்திலா, குக்கர் வைத்த பிறகா? அந்த இடத்தைச் சரிசெய்யப் பார்க்கிறேன்."

இதில் முதல் காணொளி என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சிரிப்புக் குறிகளும் இல்லை. காயப்பட்டவர் போடும் சிரிப்புக் குறியைப் படிப்பவர் எளிதில் கண்டுகொள்வார்.

இங்கே ஓர் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். எல்லாக் கருத்துக்கும் இப்படிப் பதில் எழுத வேண்டியதில்லை. "போர்" என்பது காணொளியைப் பற்றியது. ஒரு பெண்ணின் குரலையோ முக்காட்டையோ வயதையோ இழிவாகப் பேசுவது காணொளியைப் பற்றியதன்று. அதில் கேட்டு வாங்க ஒரு முகவரியும் இல்லை. அப்படிப்பட்டவருக்குப் பதிலே எழுதாமல், Hide user from channel என்பதை அழுத்திவிட்டுப் போவதே சரி. பின்னர் அவர் எழுதுபவை அந்தச் சேனலில் பிறர் கண்ணில் படா.

பதிலுக்குக் காத்திருந்த வேளையில், யூடியூப் ஸ்டூடியோவில் இருக்கும் ஒரு கோட்டை லாத்தாவுக்குக் காட்டினேன். Analytics பகுதியில், காணொளி தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு கணத்திலும் நூற்றுக்கு எத்தனை பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதைக் காட்டும் கோடு அது. ஏற்றிய உடனே அது கிடைக்காது. ஒன்றிரண்டு நாள்கள் ஆகும். எல்லாக் காணொளிக்கும் அந்தக் கோடு மெல்லக் கீழே சரிவது இயல்பு. சரிவைக் கண்டு வருந்த ஒன்றுமில்லை. பார்க்க வேண்டியவை மூன்று: எங்கே செங்குத்தாக விழுகிறது, எங்கே சமமாக நடக்கிறது, எங்கே மேட்டைப்போல எழும்புகிறது. எழும்பும் இடம் என்றால், மக்கள் பின்னே இழுத்து அந்தப் பகுதியை மறுபடி பார்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

லாத்தாவின் கோட்டில், முதல் 30 வினாடியின் முடிவில் நூற்றுக்கு 61 பேர் இருந்தார்கள். 1:50ஆம் கணத்தில் 38 பேர். ஸலாம் சொல்லி, தம்மை அறிமுகப்படுத்தி, இந்தச் சேனல் ஏன் தொடங்கப்பட்டது, அடுத்து என்னென்ன வரப்போகின்றன, சப்ஸ்கிரைப் செய்யுங்கள் என்றெல்லாம் அவர் பேசிய பகுதி அதுதான். அதற்குப் பிறகு பொருள்களைச் சொல்லத் தொடங்குகிறார். நொய் அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு விழுது, பட்டை, கிராம்பு, ஏலம், கொத்தமல்லி, புதினா, தேங்காய்ப்பால் என்று ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக் காட்டுகிறார். காணொளி தொகுப்பவர் எவரும் முதலில் கைவைக்க நினைப்பது இந்தப் பகுதியில்தான். இரண்டேகால் நிமிடம் நீள்கிறது, அசைவும் இல்லை. ஆனால் கோடு அங்கே ஏறக்குறையச் சமமாக நடந்தது. 38 பேரில் 35 பேர் கடைசிவரை இருந்தார்கள். சமைக்க வந்தவர்களுக்குப் பொருள் பட்டியல் சலிப்பன்று, அதற்காகவே வந்திருக்கிறார்கள்.

நடுவில் 3:20இல் ஒரு சிறு மேடு இருந்தது. அது தண்ணீர் அளவைச் சொல்லும் இடம். தாளிப்பில் கோடு மெல்லச் சரிந்து, 7:30இல் 30இல் நின்றது. குக்கரை மூடிய பிறகோ மீண்டும் செங்குத்தாக விழுந்து 17க்கு வந்துவிட்டது. நான்கு விசில் வரும்வரை, இரண்டு நிமிடத்துக்கு மேல், குக்கரையும் அடுப்பையும் மட்டுமே படம் காட்டிக்கொண்டிருந்தது. அசல் சமையலில் அதற்கு மேலும் நேரம் ஆகும்; லாத்தாவே கொஞ்சம் வெட்டித்தான் வைத்திருந்தார்.

ஆனால் இந்தக் கோட்டை முழுதாக நம்பிவிடவும் கூடாது. மொத்தமே 214 பார்வைகள். கடைசிப் பகுதியை எட்டியவர்கள் முப்பது, நாற்பது பேரே. அதில் இரண்டு பேர் தொலைபேசி அழைப்பு வந்ததால் எழுந்து போயிருந்தாலும் கோடு அசையும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அந்த 214இல் ஏறத்தாழப் பாதி, குடும்ப வாட்ஸ்அப் குழு வழியாக வந்தது. யூடியூப் அதை External என்று தனியே காட்டும். அப்படி வந்தவர்கள் சராசரியாக ஆறு நிமிடம் பார்த்திருந்தார்கள். அன்பின் காரணமாக ஓடவிட்டு வேறு வேலை பார்த்தவர்களும் அதில் உண்டு. என் சாச்சியே, "வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டேன்" என்றார். முகம் தெரியாதவர்களாய், YouTube search வழியே தேடி வந்தவர்களின் சராசரியோ ஒன்றரை நிமிடம். சமையல் தொடங்குவது 1:50இல். அதாவது, கஞ்சியைத் தேடி வந்தவர்களில் பலர், கஞ்சி தொடங்கும் முன்பே எழுந்து போயிருக்கிறார்கள். குடும்பத்தின் பாசம் கோட்டைத் தாங்கிப் பிடித்திருந்தபடியால் இது மேலோட்டமாகத் தெரியவில்லை. அந்த இருபத்தொன்பதாவது கருத்து, எழுந்து போனவர்களுள் ஒருவர் திரும்பி நின்று சொல்லிவிட்டுப் போனது.

மறுநாள் அஸருக்குப் பிறகு அவருடைய பதில் வந்தது. "சாரி மா, கொஞ்சம் ஹார்ஷா போட்டுட்டேன். ரெண்டு நிமிஷம் கஞ்சியே வரல. தண்ணி எவ்ளோனுதான் பாக்க வந்தேன், ஆழாக்குன்னும் தம்ளர்னும் மாத்தி சொன்னதுல புரியல. ரெண்டு தடவ பாத்தேன். அப்புறம் குக்கர்ல மூடிட்டேன்."

கோட்டில் நாங்கள் கண்ட மேட்டுக்கு இப்போதுதான் பொருள் விளங்கியது. ஓரிடத்தை மக்கள் திரும்பப் பார்த்தார்கள் என்பதை மட்டுமே கோடு சொல்லும். பிடித்துப்போய்ப் பார்த்தார்களா, புரியாமல் பார்த்தார்களா என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். லாத்தா அரிசியை ஆழாக்கால் அளந்தார். தண்ணீரைத் தம்ளரால் ஊற்றினார். வீட்டில் பழகியவர்களுக்கு அதில் குழப்பமில்லை. ஆழாக்கு என்பது படியில் எட்டில் ஒரு பங்கு, சுமார் 168 மில்லி. அவருடைய தம்ளர் அதைவிடப் பெரியது. கடையில் விற்கும் அளவுக் கோப்பை இன்னும் பெரிது, 240 மில்லி. கோலாலம்பூரில் இருக்கும் மகள் ஆண்டுதோறும் ஏன் தண்ணீர் அளவையே கேட்டாள் என்பதும் அன்று எனக்குப் புரிந்தது. லாத்தா உடனே எழுந்துபோய், ஆறு தம்ளர் தண்ணீரை ஆழாக்கால் அளந்து பார்த்தார். எட்டு ஆழாக்குக்குச் சற்றே குறைவாக வந்தது. நொய் ஒன்றுக்குத் தண்ணீர் எட்டு. எந்தப் பாத்திரத்தால் அளந்தாலும் இரண்டையும் அதே பாத்திரத்தால் அளந்தால் போதும். இந்த ஒரு வரியைக் காணொளியின் விவரப் பகுதியின் தலையில் எழுதினோம்.

அடுத்தது வெட்டு. ஸ்டூடியோவில் Editor என்பதற்குள் Trim & cut இருக்கிறது. ஏற்கெனவே ஏற்றிய காணொளியிலிருந்து வேண்டாத பகுதியை அதன் வழியாக நீக்கலாம். முகவரி மாறாது, பார்வைகளும் கருத்துகளும் அப்படியே நிற்கும். ஆனால் அதனால் நீக்க மட்டுமே முடியும். முடிந்த கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றிக் காட்டும் கடைசிக் காட்சியை, தொடக்கத்துக்குக் கொண்டுவர எனக்கு ஆசைதான். தேடி வருபவருக்கு, தாம் தேடியதுதான் இது என்று முதல் பத்து வினாடியில் தெரிந்துவிடும். அதைச் செய்ய வேண்டுமானால் புதிதாகத் தொகுத்து, புதிய முகவரியில் ஏற்ற வேண்டும். அந்தக் கருத்தும் அதற்கான பதிலும் பழைய முகவரியிலேயே தங்கிவிடும். லாத்தாவுக்கு அதில் விருப்பமில்லை. கடைசிக் காட்சியை முன்வைப்பது அடுத்த காணொளிக்கு என்று விட்டுவிட்டோம்.

முதல் 12 வினாடியில் ஸலாமும் "இன்னைக்கு நோன்புக் கஞ்சி" என்னும் வரியும் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு, அங்கிருந்து 1:50 வரை நீக்கினோம். குக்கர் பகுதியில் மூடிபோடும் 15 வினாடியை வைத்துக்கொண்டு, 7:45இலிருந்து 9:35 வரை நீக்கினோம். நான்கு விசில் என்பதை மூடும்போதே அவர் சொல்லிவிடுவதால் எதுவும் விடுபடவில்லை. மொத்தம் 3 நிமிடம் 28 வினாடி போய், 8:12 மிஞ்சியது. சேமித்த பிறகு யூடியூப் அதைச் செயலாக்கச் சில மணி நேரம் எடுத்துக்கொண்டது. அதுவரை பழைய வடிவமே ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் லாத்தா பதறிப் பதறித் திறந்து பார்த்தார்.

வெட்டினால் நேரக் குறிப்புகள் அனைத்தும் முன்னே நகர்ந்துவிடும். ஆகவே விவரப் பகுதியில் இவற்றைப் புதிதாக எழுதினோம்:

```
0:00 தொடக்கம்
0:12 பொருள்களும் அளவும்
1:42 தண்ணீர் அளவு
2:27 தாளிப்பு
5:52 குக்கர், நான்கு விசில்
6:07 மசித்தல், தேங்காய்ப்பால்
```

முதல் வரி 0:00 என்று தொடங்க வேண்டும். குறைந்தது மூன்று வரிகள் வேண்டும். ஒவ்வொரு பகுதியும் பத்து வினாடிக்குக் குறையக் கூடாது. அப்படி இருந்தால் யூடியூப் அவற்றைப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டும். தண்ணீர் அளவுக்காக வருபவர் 1:42ஐ அழுத்தி நேரே அங்கே போய்விடலாம்.

பிறகு லாத்தா அவருக்கு இரண்டாவது பதிலை எழுதினார். இம்முறை என்னிடம் கேட்கவில்லை. "நீங்க சொன்ன ரெண்டு இடத்தையும் வெட்டிட்டோம். தண்ணீர் 1:42ல இருக்கு. நொய் ஒண்ணுக்கு எட்டு, ஒரே பாத்திரத்தால அளங்க. கொதிச்சு இறக்கினப்பறம் தேங்காய்ப்பால் ஊத்துங்க, ஊத்தி கொதிக்க விட்டா திரிஞ்சிடும்." கடைசி வாக்கியம் காணொளியில் இல்லாதது, கேட்டவர் அடுப்படியில் நிற்கிறார் என்று எண்ணி எழுதியிருக்கிறார். அந்தக் கருத்தையும் பதில்களையும் மேலே நிற்குமாறு ஊசி குத்தி வைத்தார். "போர்" என்ற சொல் அனைவர் கண்ணிலும் முதலில் படுமே என்று மகன் வருந்தினான். "படட்டும், அதுக்குக் கீழதானே தண்ணி அளவு இருக்கு" என்றார் லாத்தா.

மூன்று நாள் கழித்து அவர் மீண்டும் எழுதியிருந்தார். "இப்ப பாத்தேன் மா. செஞ்சும் பாத்தேன், சரியா வந்துச்சு. தாளிப்பு மட்டும் இன்னும் கொஞ்சம் நீளம்."

நான் கோட்டைப் பார்த்தேன். தாளிப்புப் பகுதியில் சரிவு மென்மையானது. வெட்டினாலும் பழுதில்லை, விட்டாலும் பழுதில்லை என்ற நிலை. ஒரு நிமிடம் குறைக்கலாம் என்று லாத்தாவிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இஞ்சி பூண்டின் பச்சை வாசம் போகும்வரை வதக்க வேண்டும், அந்த நிறம் மாறுவதைக் கண்ணால் பார்த்தால்தான் புதிதாகச் செய்பவருக்குத் தெரியும், அதைக் குறைத்தால் கஞ்சி குடிக்கும்போது தொண்டையில் தெரியும் என்றார். அதையே அவருக்கும் எழுதிவிட்டு, "அதை மட்டும் விட்டுடுங்க மா" என்று முடித்தார். அதற்கு அவர் ஒரு விருப்பக்குறி போட்டிருந்தார்.